எல்லாக் கட்டத்துக்கும் 5 விநாடியா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நடக்கிற மாதிரி ஆறு கட்டப் படக்கதை ஒன்று வரைந்திருந்தேன். அதை அனிமேஷன் குறும்படமாக்க ஸ்கிரிப்ட் எழுதித் தருவதாகக் கோயமுத்தூரில் ஒருவர் சொன்னார். 6,000 ரூபாயை முழுதாக முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். வந்தது ஒன்றரைப் பக்கம். ஆறு கட்டத்துக்கும் தலா 5 விநாடி, மொத்தம் 30. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கட்டத்தில் பாட்டி தாத்தாவிடம் சொல்கிறார்: "ஏனுங்க, மரமேறுற ஆளு வந்து ஒரு மாசமாச்சு, முத்துன காயெல்லாம் எப்ப தலையில உழுகப் போவுதோ தெரியலைங்க." வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நிதானமாகச் சொன்னால் 7 விநாடி ஆகும். 5 விநாடிக்குள் அடக்கக் குரல் கொடுத்தவர் மூச்சுவிடாமல் ஓடினார். மூன்றாவது கட்டம், காய் விழும் 'தொப்'. அதற்கு 1 விநாடி போதும். அதையும் 5 விநாடி இழுத்ததில் விழுந்த காயையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

சத்தத்துக்கு நேரமே குறிக்கவில்லை, 'தேங்காய் விழும் சத்தம்' என்று மட்டும் இருந்தது. கட்டம் தொடங்கும்போதா, முடியும்போதா? காகிதத்தில் இரண்டு கட்டத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடத்தில் வாசகர் தானாக நின்றுகொள்வார். படத்தில் அந்த நிறுத்தத்தை நாம்தான் எழுத வேண்டும். பாட்டி "தெரியலைங்க" என்று முடித்ததும் அரை விநாடி அமைதி, அப்புறம் 'தொப்'. அந்த அரை விநாடி இல்லாததால் சிரிப்பே வரவில்லை.

எனக்கு மனசு விட்டுப்போனது குரல் குறிப்பில்தான். பாட்டிக்கு 'கோபம்' என்று ஒரே சொல். யாரிடம், என்ன உறவில், எந்த ஊர்ப் பேச்சில் என்று எதுவும் இல்லை. பாட்டிக்கு வந்தது கோபமில்லை, வீட்டுக்காரர் தலையில் காய் விழுந்துவிடுமோ என்ற பயம். குரல் கொடுத்தவர் வேறு ஊர்க்காரர். 'ஏனுங்க'வை அதட்டுகிற மாதிரிச் சொல்லிவிட்டார். நம் ஊரில் அது புருஷனை மரியாதையோடு கூப்பிடுகிற சொல் என்று குறிப்பு சொல்லியிருந்தால் அவர் சரியாகவே பேசியிருப்பார். அந்தப் பதிவுக்குக் கொடுத்த 2,500 ரூபாயும் போயிற்று.

திருத்தித் தரச் சொன்னதற்கு, "எடிட்டிங்கில் பார்த்துக்கலாங்க" என்றார் ஸ்கிரிப்ட் எழுதியவர். அவசரமாகப் பேசிய குரலை எடிட்டிங்கில் இழுத்து நீட்டினாலும் இயல்பான நிதானம் வராது. அதன்பிறகு போனையே எடுப்பதில்லை.

யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், முதலில் பேச்சு அதிகமுள்ள ஒரு கட்டத்தை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து வசனத்தைப் படியுங்கள். அவர் எழுதிய நேரத்துக்குள் முடியாவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். நான் இப்போது நானே எழுதி, என் குரலையே படங்களோடு ஓட்டிப் பார்த்தேன். கதை 23 விநாடியில் முடிகிறது. அதில் ஏழரை விநாடி, அந்த அரை விநாடி அமைதியும் சேர்த்து, பாட்டிக்கே போகிறது.