மூன்று ஊகங்கள், ஒரு நாள்கணக்கு: எந்தச் சூத்திரத்தை நம்பலாம்?

பழைய தரவுத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை. அதைச் செய்யப்போகிறவரிடம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "ஆறு நாள் போதும் சார்" என்றார். எல்லாம் தடங்கலின்றி நடந்தால்? நான்கு. பழைய தரவு குப்பையாக இருந்து, பாதி வழியில் திரும்ப ஆரம்பிக்க வேண்டி வந்தால்? கொஞ்சம் யோசித்துவிட்டு "இருபது கூட ஆகலாம்" என்றார்.

4, 6, 20. இந்த மூன்றையும் ஒரே எண்ணாக்க வேண்டும். அதற்குப் பல வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் வேறு பதில் தரும். O என்பது நல்லபடியாக நடந்தால் ஆகும் நாள், M பெரும்பாலும் ஆகும் நாள், P மோசமானால் ஆகும் நாள்.

```
பெர்ட்:       (O + 4M + P) / 6 = (4 + 24 + 20) / 6 = 8
முக்கோணம்:   (O + M + P) / 3  = (4 + 6 + 20) / 3  = 10
```

ஒரே ஊகங்கள், இரண்டு நாள் வித்தியாசம். இரண்டுமே அவர் முதலில் சொன்ன ஆறைவிட அதிகம் என்பதையும் கவனியுங்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் இரண்டு நாள் மிச்சமாகும். இழுத்தால் பதினான்கு நாள் இழுக்கும். சராசரி அந்தப் பக்கம் நகரத்தான் செய்யும். ஆறையே திட்டத்தில் எழுதினால் தாமதத்தை நாமே எழுதிவைத்த மாதிரி.

பெர்ட் 1958-ல், அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. நடு ஊகத்துக்கு நான்கு பங்கு எடை தருவதற்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது. O, P இரண்டும் கிட்டத்தட்ட கடைசி எல்லைகள். அவற்றைத் தாண்டிப் போவது அபூர்வம். எல்லை அவ்வளவு தூரத்தில் இருந்தால் அதற்குக் குறைந்த எடை கொடுப்பது நியாயம்தான். முக்கோண முறையும் O, P இரண்டையும் முழு எல்லையாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் வாய்ப்பு நடு ஊகத்திலிருந்து இரு பக்கமும் நேர்கோட்டில் குறைவதாக வைத்துக்கொள்வதால், ஓரங்களுக்கு அதிக மரியாதை கிடைக்கிறது.

ஒரே ஒரு வேலை என்றால் இந்த வித்தியாசம் பெரிதாக உறுத்தாது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகளைக் கூட்டும்போதுதான் தெரியும். என் திட்டத்தில் தரவு மாற்றத்துக்கு முன் வடிவமைப்பு (3, 5, 7), பின் சோதனை (4, 5, 12). நடு ஊகங்களை மட்டும் கூட்டினால் 16 நாள். பெர்ட் 5 + 8 + 6 என்று 19 தருகிறது. முக்கோணம் 5 + 10 + 7 என்று 22 தருகிறது.

அடுத்தது, எவ்வளவு இடைவெளி விட்டு வாக்கு கொடுப்பது. ஒரு வேலை சராசரியிலிருந்து வழக்கமாக எத்தனை நாள் விலகும் என்பதைச் சொல்வது திட்ட விலக்கம். பெர்ட்டில் அது (P − O) / 6. மூன்று வேலைகளுக்கும் முறையே 0.67, 2.67, 1.33. இவற்றை அப்படியே கூட்டி 4.67 என்று எழுதுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது தவறு. மூன்று வேலைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால், விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, கடைசியில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும்:

```
√(0.67² + 2.67² + 1.33²) ≈ 3.1
```

நேர்கூட்டல், ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் அதே அளவுக்குக் கெடும் என்று சொல்வதற்குச் சமம். சில திட்டங்களில் அது உண்மையும்கூட: மூன்று வேலைகளும் ஒரே ஆளை நம்பியிருந்து அவர் படுத்துவிட்டால் மூன்றும் சேர்ந்தேதான் இழுக்கும். அப்போது 3.1 என்பது பொய்யான நிம்மதி.

சரி, சாராதவை என்றே வைத்துக்கொள்வோம். 19 உடன் ஒரு விலக்கத்தைக் கூட்டினால் சுமார் 22. தோராயமாக ஆறில் ஐந்து முறை அதற்குள் முடியும் என்று பெர்ட் சொல்கிறது. முக்கோணத்தில் அதே 22 வெறும் சராசரி. அதன் விலக்கம் சுமார் 4 நாள் என்பதால் பாதுகாப்பான தேதி 26-ல் போய் நிற்கிறது. அதாவது ஒரு முறையில் தெம்பாக வாக்குக் கொடுக்கும் அதே நாள், இன்னொரு முறையில் சராசரி நாள் மட்டுமே. எதை நம்புவது?

என் அனுபவத்தில் விடை சூத்திரத்தில் இல்லை, P-யை எப்படிக் கேட்டோம் என்பதில் இருக்கிறது. "மோசமானால் எத்தனை நாள்?" என்று கேட்டால், ஆட்கள் நூறில் ஒரு முறை வரும் பேரிடரை நினைப்பதில்லை. போன முறை பட்ட கஷ்டத்தைத்தான் நினைக்கிறார்கள். அது பத்தில் ஒரு முறை வரக்கூடியது. அந்த எண்ணைப் பெர்ட்டில் போட்டால், அது எட்டாத எல்லை என்று சூத்திரம் எடுத்துக்கொண்டு சராசரியையும் விலக்கத்தையும் குறைத்துக் காட்டிவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. முடிந்துபோன இருபது வேலைகளை எடுத்து, எத்தனை அதனதன் P-யைத் தாண்டின என்று எண்ணுங்கள். பெர்ட் சரியாகப் பொருந்த வேண்டுமென்றால் ஒன்றுகூடத் தாண்டியிருக்கக் கூடாது, மிஞ்சிப்போனால் ஒன்று. இரண்டு மூன்று தாண்டியிருந்தால், உங்கள் குழு P என்று தருவது பத்தில் ஒன்றுக்கான எண்.

அப்படிப்பட்ட ஊகங்களுக்கென்றே மூன்றாவது முறை ஒன்று உண்டு. எண்ணெய் வளம் தேடும் துறையில் ஸ்வான்சன் விதி என்பார்கள். எடை 30, 40, 30. இதில் கேள்விகளும் வேறு. எத்தனை நாளுக்குக் குறைவாக முடிய பத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு? எத்தனை நாளைத் தாண்ட பத்தில் ஒரு வாய்ப்பு? நடுவில், எந்த நாளுக்கு முன் முடிவதும் பின் முடிவதும் பாதிக்குப் பாதி? அவரிடம் மறுபடி இப்படிக் கேட்டபோது ஓரங்கள் 4, 20 என்றே இருந்தன. நடு எண் ஆறிலிருந்து ஏழானது. அதுவும் இயல்புதான், ஒரு பக்கம் நீண்டு இழுக்கும் வேலையில் பாதி வாய்ப்பு நாள் பெரும்பாலும் ஆகும் நாளைவிடத் தள்ளியே இருக்கும்.

```
0.3 × 4 + 0.4 × 7 + 0.3 × 20 = 10
```

கேள்வி தெளிவாக இருப்பதால் நான் இப்போது இதையே விரும்புகிறேன். பாறை போன்ற உண்மையான எல்லைகள் தெரிந்த, பலமுறை செய்து பழகிய வேலைக்குப் பெர்ட் போதும். முக்கோணத்தை, கேட்ட விதம் தெரியாமல் வேறு யாரோ எழுதிவைத்த எண்கள் கையில் கிடைக்கும்போது மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று முறைகளுக்கும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது: இணையாக ஓடும் வேலைகள். தரவு மாற்றம் நடக்கும்போதே இன்னொரு குழு திரைகளைத் தயார் செய்கிறது, இரண்டும் முடிந்தால்தான் சோதனை தொடங்கும் என்று வையுங்கள். குறித்த நாளில் முடிய ஒவ்வொன்றுக்கும் பாதி வாய்ப்பு என்றால், இரண்டும் முடிந்திருக்க கால் வாய்ப்புதான். நீளமான பாதையை மட்டும் கூட்டிப் பார்க்கிறவருக்கு இந்த நட்டம் கண்ணிலேயே படாது. இங்கே சூத்திரத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் அதன் பரவலிலிருந்து ஒரு நாள்கணக்கைக் கணினி குலுக்கல் முறையில் எடுக்கட்டும், சேருமிடத்தில் இரண்டில் பெரியதைக் கொள்ளட்டும். இதை ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, எந்த நாளுக்குள் பத்தில் எட்டு ஓட்டங்கள் முடிகின்றன என்று பார்த்து அந்தத் தேதியைச் சொல்லலாம். ஒரு விரிதாளிலேயே செய்துவிடலாம்.