தலைப்பு உருவத்துக்குப் பின்னால்: பிரதியா, மாஸ்க்கா, ஒளி அளவா?

போஸ்டரில் தலைப்பின் ஒரு பகுதியை ஆளின் தலை மறைத்தால், தட்டையான படத்துக்குள் சட்டென்று ஒரு தூரம் பிறக்கிறது. வானம், அதற்கு முன் எழுத்து, அதற்கும் முன் ஆள் என்று கண் அடுக்கிக்கொள்கிறது. ஃபோட்டோஷாப்பில் இதைச் செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, ஆளை மட்டும் வெட்டியெடுத்த பிரதியை எழுத்துக்கு மேல் வைப்பது. இரண்டாவது, ஆள் இருக்கும் இடத்தில் எழுத்தை மாஸ்க் போட்டு மறைப்பது. மூன்றாவது, எதையும் வெட்டாமல் படத்தின் ஒளி அளவை வைத்தே எழுத்தை மறையச் செய்வது.

ஒரே படத்தில் மூன்றையும் பொருத்திப் பார்ப்போம். வெளிறிய வானத்தின் முன் ஒரு பெண் ஓடுகிறாள். கூந்தல் காற்றில் பறக்கிறது. தலைக்கு மேல் வானத்தில் ‘ஓட்டம்’ என்று பெரிய தலைப்பு. தலை கீழிருந்து எழுத்துக்குள் நுழைவதால் மறைவது எழுத்துகளின் அடிப்பகுதி. இங்கே தமிழ் எழுத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. ‘ஓ’வின் அடிச்சுழி மறைந்தால் அது ‘ஒ’ ஆகிவிடும். ‘ட’வின் கிடைக்கோடு மறைந்தால் எஞ்சுவது ஒரு தூண். எனவே தலை நடுவில் வந்து இரண்டு ‘ட’க்களையும் விழுங்கக் கூடாது; இரண்டாவது ‘ட’வின் வலது ஓரத்தையும் ‘ம’வின் இடது ஓரத்தையும் மட்டும் தொடும்படி தலைப்பை நகர்த்த வேண்டும். இந்த இடம் முதல் முயற்சியிலேயே கிடைத்துவிடாது. தலைப்பு பத்துத் தடவை நகரும் என்று வைத்துக்கொண்டுதான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் முதலில் கைவைப்பது பிரதி. Select Subject கொடுத்து, Refine Edge Brush கொண்டு கூந்தலின் ஓரத்தைத் தடவி, தேர்வை Ctrl+J மூலம் புதிய லேயராக்கி எழுத்துக்கு மேல் வைக்கிறார்கள். எழுத்தை எங்கு நகர்த்தினாலும் ஆள் முன்னாலேயே நிற்பாள். குறை பிறகுதான் தெரியும். அடியில் உள்ள படத்தின் நிறத்தைத் திருத்தினால் பிரதியில் அந்தத் திருத்தம் ஏறாது. ஆள் பழைய நிறத்திலும் வானம் புதிய நிறத்திலும் நின்று, இரண்டும் ஒட்டாமல் தெரியும். ஆகவே படத்தின் நிறத் திருத்தங்களை எல்லாம் முடித்த பிறகுதான் பிரதி எடுக்க வேண்டும்.

மாஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை; படம் ஒன்றுதான். ஆளைத் தேர்வு செய்த நிலையில் Alt விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க் பொத்தானைச் சொடுக்கினால், தேர்ந்த பகுதி மறையும் மாஸ்க் கிடைக்கும். ஆனால் அதை எழுத்து லேயரின் மேலேயே போடுவதுதான் வழக்கமான தவறு. எழுத்தை நகர்த்தினால், இடையிலுள்ள சங்கிலிக் குறியைக் கழற்றாதவரை, மாஸ்க்கும் கூடவே நகர்ந்து தலையின் வடிவில் ஒரு ஓட்டை வேறிடத்தில் திறக்கும். எழுத்துக்கு வெளிக்கோடு கொடுத்திருந்தால் இன்னும் மோசம்: அந்தக் கோடு எழுத்தைச் சுற்றுவதோடு நில்லாமல் தலையின் விளிம்பைச் சுற்றியும் ஓடும். தீர்வு எளிது. எழுத்தை ஒரு குரூப்புக்குள் போட்டு மாஸ்க்கை அந்தக் குரூப்புக்குக் கொடுத்தால் போதும். உள்ளே எழுத்தை விருப்பம்போல் நகர்த்தலாம். வெளிக்கோடும் நிழலும் முதலில் உருவாகி, பிறகே ஒன்றாக வெட்டப்படும். கூந்தல் இல்லாத உருவம் என்றால், அதாவது கட்டடம், பாறை, தொப்பி அணிந்த தலை போன்றவை என்றால், நான் இதற்கு மேல் யோசிப்பதே இல்லை.

கூந்தல் வந்தால்தான் போட்டி சூடு பிடிக்கிறது. பிரதியில் முடியின் ஓரம் நன்றாக வரும், மாஸ்க்கில் வராது என்றோ, இதற்கு நேர்மாறாகவோ சிலர் அடித்துச் சொல்வார்கள். ஒரே தேர்வை வைத்துச் செய்தால் சாதாரணக் கலப்பில் இரண்டும் ஒரே விளைவைத்தான் தரும். கணக்கைப் பாருங்கள். 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில் முடியின் ஒளி அளவு 40, வானம் 220 என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய முடியின் நுனியில் ஒரு பிக்சலில் பாதி முடி, பாதி வானம். அதன் அளவு 130. அங்கே தேர்வும் 50 சதவீதம். பின்னால் அடர்ந்த நிற எழுத்து, அளவு 30. பாதி 130, பாதி 30 சேர்ந்தால் 80. பிரதியானாலும் மாஸ்க்கானாலும் இதே 80தான். உண்மையில் முடிக்குப் பின் எழுத்து இருந்திருந்தால் 40-க்கும் 30-க்கும் இடையே 35 வந்திருக்க வேண்டும். வர வேண்டியதைவிட வந்தது வெளிச்சம். முடியைவிடவும் எழுத்தைவிடவும் வெளிச்சம். கூந்தலைச் சுற்றித் தெரியும் அந்த வெள்ளைக் கோடு பிறப்பது இங்கேதான்.

இப்போது எழுத்தை வெள்ளையாக்குங்கள், அளவு 255. விளைவு ஏறக்குறைய 192. அது முடிக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட அளவு என்பதால் கோடாகத் தெரியாது. நுனி சற்று மெலிந்து தோன்றும், அவ்வளவே. ஆக வெளிறிய வானத்தின் முன் வெளிறிய தலைப்பு என்றால் குரூப் மாஸ்க்கே போதும்.

அடர்ந்த தலைப்புதான் வேண்டுமென்றால் பிரதிக்கு மாறுவேன். காரணம், Select and Mask சாளரத்தில் இருக்கும் Decontaminate Colors. ஓரப் பிக்சல்களில் கலந்த வானத்தின் நிறத்தை எடுத்துவிட்டு முடியின் நிறத்தை அது பூசும். பிக்சலின் நிறத்தையே மாற்றுவதால் அதற்குப் புதிய லேயர் தேவை. வெறும் மாஸ்க்கால் இது முடியாது. ஆனால் அந்தப் பிரதியை முழு ஆளின் மேலும் விட்டுவைத்தால், எழுத்துக்கு வெளியே வானத்தில் இருக்கும் முடியின் மேல் இன்னொரு அடுக்கு முடி ஏறி, கூந்தல் தடித்துப்போகும். Alt+Ctrl+G அழுத்திப் பிரதியை எழுத்தின் வடிவத்துக்குள் அடக்கிவிட்டால் எழுத்துக்கு உள்ளே மட்டும் அது தெரியும். எழுத்துக்கு வெளிக்கோடோ நிழலோ இருந்தால் இந்த அடக்கம் ஒத்துவராது. அவை ஆளின் மேல் விழும். அப்போது பிரதியை அடக்காமல் விட்டு, எழுத்துக்கு வெளியே உள்ள கூந்தலை அதன் மாஸ்க்கில் கறுப்பு பூசி மறைக்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

ஆளின் நிழல் எழுத்தின் மேல் விழ வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரதிக்கு நேரடியாக நிழல் கொடுத்தால் அது வானத்தின் மேலும் படிந்து, ஆளைச் சுற்றிப் புகை சூழ்ந்ததுபோல் இருக்கும். வானத்தில் நிழல் விழாது. நிழலைத் தனி லேயரில் மென்மையாகப் பூசி எழுத்துக்குள் அடக்குங்கள்.

மூன்றாவது வழிக்கு இந்தப் படத்தில் இடமில்லை. எழுத்து லேயரின் Layer Style சாளரத்தில் உள்ள Blend If சறுக்கியின் Underlying Layer பகுதியில் கறுப்பு முனையை Alt பிடித்துப் பிளந்து 70, 110 என்று வைத்தால், அடியில் 70-க்குக் குறைந்த இடங்களில் எழுத்து மறையும். 110-க்கு மேல் முழுதாகத் தெரியும். இடையில் மெல்ல மங்கும். கூந்தலில் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் பெண்ணின் நெற்றியிலும் தோளிலும் வெயில் பட்ட தோல் 110-ஐத் தாண்டும். அங்கே எழுத்து தோலின் மேலேயே எட்டிப் பார்க்கும். இதே வானத்தின் முன் இலையுதிர்ந்த மரக்கிளைகளோ மின்கம்பிகளோ இருந்தால் கதை வேறு. ஆயிரம் சுள்ளிகளை Select Subject ஒழுங்காகப் பிடிப்பது கடினம். இந்தச் சறுக்கியோ சில நொடிகளில் முடித்துவிடும், எழுத்தையும் தடையின்றி நகர்த்தலாம்.