அடக்கவிலைக் கணக்கா, விலைமட்டத் திருத்தமா?

விலைவாசி ஏறும் காலத்தில் சொத்தை வாங்கிய விலையிலேயே கணக்கில் வைப்பதா, குறியீட்டெண்ணால் திருத்துவதா என்று தயங்குவோர், இரண்டு முறைகளையும் ஒரே இயந்திரத்தின் மீது பொருத்திப் பார்க்கலாம். குறியீடு 100 ஆக இருந்தபோது 10 லட்சத்துக்கு வாங்கிய அதன் ஆயுள் 10 ஆண்டுகள். இன்று குறியீடு 200. இவ்வாண்டு தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 3 லட்சம்.

லாபம்: அடக்கவிலை முறை 1 லட்சம் தேய்மானம் கழித்து 2 லட்சம் காட்டுகிறது.
திருத்திய முறையில் தேய்மானம் 1 × 200 ÷ 100 = 2 லட்சம்; லாபம் 1 லட்சமே.

இன்றைய பணத்தில் வந்த வருவாயிலிருந்து அன்றைய பணத்தில் செலவைக் கழிப்பதே பிழையின் வேர். முதல் கணக்கை நம்பி 2 லட்சத்தையும் பங்காதாயமாகப் பிரித்தால், அதில் பாதி மூலதனத்திலிருந்தே போகிறது.

சான்று: பழைய விலைக்கு ரசீது உண்டு.
பொதுக் குறியீடோ இந்த இயந்திரத்தின் விலையைக் காட்டாது. புதிய தொழில்நுட்பத்தால் அது மலிந்திருந்தால், திருத்திய மதிப்பும் ஏமாற்றும்.

விலை மெல்ல ஏறும் இடங்களில் அடக்கவிலைக் கணக்குடன் திருத்திய லாபத்தைக் குறிப்பாக இணைத்தாலே போதும் என்பது என் கருத்து. மிகைப் பணவீக்க நாடுகளுக்கோ சர்வதேசக் கணக்கியல் தரம் 29 திருத்தத்தைக் கட்டாயமாக்குகிறது. மூன்றாண்டுப் பணவீக்கம் மொத்தமாக 100 சதவீதத்தை நெருங்குவது அந்நிலையின் அறிகுறிகளுள் ஒன்று.