45 நாள் லாங் வைத்திருந்ததில் ஃபண்டிங்குக்குப் போன பணம்

பிட்காயின் 60,000 டாலரில் இருந்தபோது விலை ஏறும் என்று நம்பி பெர்பெச்சுவல் ஃபியூச்சரில் 0.1 பிட்காயின் லாங் எடுத்தேன். பொசிஷன் மதிப்பு 6,000 டாலர். 10 மடங்கு லெவரேஜ் என்பதால் நான் பிணையாகக் கட்டிய மார்ஜின் 600 டாலர்தான். 45 நாள் கழித்து 62,000-இல் விற்றேன். திரையில் 200 டாலர் லாபம் காட்டியது. கைக்கு வந்தது ஏறத்தாழ 32.

வாங்க, விற்க கட்டணம் 6 டாலர் போனது. மீதி 162 டாலரும் ஃபண்டிங்.

பெர்பெச்சுவலுக்கு முடிவுத் தேதி கிடையாது. அதன் விலை, காயினை நேரடியாக வாங்கும் ஸ்பாட் விலையை விட்டு விலகிவிடாமல் இழுத்துப் பிடிப்பதுதான் ஃபண்டிங்கின் வேலை. ரேட் பிளஸ்ஸில் இருந்தால் லாங் வைத்திருப்பவர், விலை இறங்கும் என்று ஷார்ட் வைத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும், மைனஸ் என்றால் நமக்கு வரும். நான் இருந்த எக்ஸ்சேஞ்சில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நம் நேரப்படி காலை 5:30, மதியம் 1:30, இரவு 9:30-க்குக் கணக்குத் தீர்ப்பார்கள். அந்த நொடியில் பொசிஷன் திறந்திருந்தால் பணம் போகும், அதற்கு முன்பே மூடிவிட்டால் போகாது.

முதல் 30 நாள் ரேட் 0.01% அளவில்தான் இருந்தது. ஒரு தடவைக்கு 60 சென்ட், நாளுக்கு 1.80 டாலர், மொத்தம் 54. இதெல்லாம் ஒரு செலவா என்று விட்டுவிட்டேன். அப்புறம் எல்லோரும் லாங் பக்கம் குவிந்தார்கள், ரேட் சராசரி 0.04%-க்கு ஏறியது. நாளுக்கு 7.20 டாலர், 15 நாளில் 108. மார்ஜினோடு ஒப்பிட்டால் 27% கரைந்திருந்தது. திரையில் தெரியும் லாபத்தில் இது கழிக்கப்படுவதில்லை. பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து ‘Funding Fee’ வரிகளைக் கூட்டினால்தான் தெரியும்.

இன்னொன்று என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. ஒரு பொசிஷனுக்கென்று மார்ஜினைத் தனியாக ஒதுக்கும் ஐசொலேட்டடில் வைத்திருந்தேன், வாலட்டில் வேறு பணம் இல்லை. அதனால் ஃபண்டிங் நேராக மார்ஜினிலிருந்தே போனது. எக்ஸ்சேஞ்சே பொசிஷனைக் கட்டாயமாக மூடிவிடும் லிக்விடேஷன் விலை தொடக்கத்தில் சுமார் 54,300 என்றிருந்தது, விற்கும் நாளில் 55,900-ஐத் தாண்டியிருந்தது. விலை இறங்கவே இல்லை, ஆனாலும் லிக்விடேஷன் விலை 1,600 டாலர் மேலேறி நெருங்கிவிட்டது.

லெவரேஜை 5 ஆகக் குறைத்தால் செலவு பாதியாகும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஆகாது. ஃபண்டிங் பொசிஷனின் முழு மதிப்புக்குத்தான், மார்ஜினுக்கு அல்ல. லெவரேஜைக் குறைத்தால் லிக்விடேஷன் தள்ளிப் போகும், அவ்வளவுதான். செலவைக் குறைக்க அளவையே குறைக்க வேண்டும்.

இப்போது எடுப்பதற்கு முன் கடந்த ஒரு வாரத்து ஃபண்டிங் வரலாற்றைப் பார்த்துச் சராசரி எடுக்கிறேன். அதை மூன்றாலும், வைத்திருக்கப்போகும் நாட்களாலும் பெருக்கினால் வாங்க, விற்க ஆகும் கட்டணத்தைத் தவிர்த்துப் பார்த்தால், விலை எத்தனை சதவீதம் ஏறினால் கைக்காசு போகாது என்று தெரிந்துவிடும். 0.04%-இல் 15 நாள் என்றால் 1.8%. இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்க நினைத்தால் கையில் இருக்கும் பணத்துக்கு ஸ்பாட்டிலேயே வாங்கிவிடுகிறேன்.