மொறு, குக்கு, தக்கிட்: எந்தப் பெயர் தேறும்?

மொறுமொறுப்பான ஒரு புதிய நொறுக்குத்தீனி. பல நாடுகளில் விற்க வேண்டும். கடைசிச் சுற்றில் மூன்று பெயர்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

தமிழ்க் காதுக்கு ‘மொறு’தான் முதலிடம், சொல்லும்போதே பல்லில் கடிபடுகிறது. சிக்கல் பாக்கெட்டில் தொடங்குகிறது. Moru என்று அச்சிட்டதும் ஒகரம் குறிலா நெடிலா, றகரமா ரகரமா என்பது தெரியாமல் போகிறது. மலையாளிக்கு அது மோர். தமிழர்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான் படிப்பார்கள். கெட்ட பொருள் இல்லைதான், ஆனால் மொறுமொறுப்பை விற்கப் போய் மோரை நினைவூட்டுவதில் என்ன லாபம்?

‘குக்கு’ மனதில் சட்டென ஒட்டும், குழந்தையும் சொல்லும். ஆனால் Kuku சுவாஹிலியில் கோழி. சைவத் தின்பண்டத்துக்கு இந்த ஒரு காரணமே போதும். பாரசீகத்தில் அது முட்டையில் செய்யும் ஓர் உணவு. ரஷ்யப் பேச்சு வழக்கில் கிறுக்கு. ஒலியும் பொருந்தவில்லை. 2001-இல் மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் எழுதிய ஆய்வில், ‘கிகி’ என்ற பெயரைப் பெரும்பாலோர் கூர்முனை உருவத்துக்கும், ‘பூபா’வை வளைந்த உருவத்துக்கும் கொடுத்தார்கள். உதடு குவியும் உகரம் இரண்டு வந்தால் மெத்தென்ற பண்டம்தான் நினைவுக்கு வரும்.

‘தக்கிட்’ பண்டத்தைப் பற்றி எதையும் வர்ணிக்கவில்லை. அதுவே அதன் பலம். வல்லினங்கள் கடிபடும் ஓசை தருகின்றன. P ஒலி இல்லாததால் அரபு பேசுபவர் அதை B ஆக்கித் திரிக்க வாய்ப்பில்லை. ஜப்பானியர் ‘தகித்தோ’ என்று ஓர் உயிரெழுத்தைச் சேர்ப்பார்கள், பரவாயில்லை. ஃபின்னிஷில் Takit என்றால் மேலங்கிகள்; சிரித்துவிட்டு வாங்குவார்கள். யோசிக்க வைப்பது மலாய். அங்கே takut பயம், sakit நோய். அகராதியில் Takit-ஐ மட்டும் தேடினால் இது அகப்படாது. அந்த மொழிக்காரர்களிடம் பெயரை வாயால் சொல்லி, “இதைக் கேட்டதும் வேறென்ன சொல் நினைவுக்கு வருகிறது?” என்று கேட்க வேண்டும். பொருள் தெரியுமா என்று கேட்டால் “தெரியாது” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். பலரும் நோயைச் சொன்னால், அந்தச் சந்தைக்கு மட்டும் வேறு பெயர் வைக்கலாம். மிட்சுபிஷியின் பஜேரோ, ஸ்பானிஷில் அது வசைச்சொல் என்பதால், அங்கெல்லாம் மோன்டேரோவாக ஓடியது.

நினைவுச் சோதனைக்கு மூன்றையும் வேறு பெயர்களோடு கலந்து தொலைபேசியில் வாசித்துக் காட்டி, மறுநாள் எழுதச் சொல்லலாம். நினைவிருந்தும் எழுத்து ஆளுக்கொரு விதமாக வந்தால் தேடலில் பண்டம் கிடைக்காது. தக்கிட்டுக்கும் Takit, Thakkit, Tackit என்று சிதறும் அபாயம் உண்டு.

முழக்க வரியில் போட்டி இரண்டுக்குள். ‘டேக் இட், தக்கிட்!’ ஆங்கிலம் தெரிந்தவருக்கு இனிக்கும்; மற்ற மொழியில் எலும்புகூட மிஞ்சாது. ‘கடித்தால் கேட்கும்’ எந்த மொழிக்கும் போகும், ஆனால் அந்தந்த ஊர் ஓசையில் புதிதாகக் கட்ட வேண்டும். ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற காலையுணவுப் பொரியின் ‘ஸ்னாப், கிராக்கிள், பாப்’ ஜெர்மனில் ‘க்னிஸ்பர், க்னாஸ்பர், க்னுஸ்பர்’ ஆனது அப்படித்தான். என் ஓட்டு தக்கிட்டுக்கும் இரண்டாவது வரிக்கும். மலாய்ச் சோதனை முடியும்வரை பாக்கெட்டை அச்சுக்கு அனுப்ப மாட்டேன்.