வேலை கேட்கும்போது எந்த இணைப்பை அனுப்புவது?

எக்செல், கணக்குப்பதிவு போன்றவற்றைத் தமிழில் சொல்லித்தரும் சனல் உங்களிடம் இருக்கிறது. புறக்கோட்டை மொத்தக் கடைக்காரரிடமோ கோட்டையில் உள்ள கம்பனியிடமோ வேலை கேட்கிறீர்கள். சனலை அப்படியே அனுப்பலாம், ஒரே காணொளியை அனுப்பலாம், அல்லது அவருக்கென்றே ஒன்று செய்து அனுப்பலாம்.

முழுச் சனலை அனுப்பினால் எதைப் பார்ப்பது என்பதை அவரே தீர்மானிப்பார். 2023இல் போட்ட வற் வரிக் காணொளியில் 15 வீதம் என்று இருக்கும். 2024 ஜனவரி முதல் அது 18. தினமும் பில் போடும் கடைக்காரர் அந்த இடத்திலேயே நம்பிக்கை இழப்பார். யூடியூப்பில் அதே இணைப்பில் வேறு காணொளியை மாற்றி வைக்க முடியாது. புதிதாக ஏற்றிவிட்டுப் பழையதை `Unlisted` ஆக்கவேண்டும்.

கம்பனி வேலைக்கு ஒரே காணொளி போதும். வணக்கம் சொல்லும் பகுதியைத் தாண்டி, குழம்பிக் கிடக்கும் தரவை நீங்கள் சரிசெய்யும் இடத்திலிருந்து தொடங்கட்டும். 95ஆவது விநாடி என்றால் இணைப்பின் கடைசியில் `&t=95` என்று சேர்க்கலாம். `youtu.be` எனத் தொடங்கும் குறுகிய இணைப்பில் வேறு கேள்விக்குறி இல்லாவிட்டால் `?t=95`. தமிழ் தெரியாத மனேஜர் பார்க்கக்கூடும் என்பதால் ஆங்கில வசனவரிகளை நீங்களே எழுதிச் சேருங்கள்.

ஆலோசனை வேலைக்கு என் தெரிவு மூன்றாவதுதான். ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருப்புக் கணக்கு ஒத்துவரவில்லை என்று வைப்போம். ஒருவர் "அரை இஞ்ச் குழாய்" என்று அடிக்கிறார், இன்னொருவர் "1/2 இஞ்ச் பைப்" என்கிறார். எக்செலுக்கு அவை இரண்டு பொருட்கள், அதனால் `SUMIFS` மொத்தத்தைப் பிரித்துவிடுகிறது. கற்பனைப் பெயர்கள் கொண்ட ஒரு தாளில் இந்தப் பிழையைக் காட்டுங்கள். பிறகு பொருளுக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து, `Data Validation` மூலம் பட்டியலிலிருந்து மட்டுமே தெரிவுசெய்ய வையுங்கள். மொத்தம் சரியாவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். மூன்று நிமிடம் தாராளம்.

இதை `Unlisted` ஆக வைத்து அவருக்கு மட்டும் அனுப்பினால், பார்வை எண்ணிக்கை பூச்சியத்திலேயே நிற்கிறதா என்று பார்த்து, திறந்தாரா என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் இணைப்பு கையில் உள்ள எவரும் அதைப் பார்க்கலாம், ஆகவே கடையின் உண்மையான தொகைகள் அதில் வரவே கூடாது. `Private` பாதுகாப்பானது, சரி. ஆனால் அவரை மின்னஞ்சலில் அழைக்கவேண்டும், அவர் கூகுள் கணக்கில் நுழையவேண்டும். வட்ஸ்அப் மட்டும் பாவிக்கும் முதலாளி அங்கேயே விட்டுவிடுவார்.

தனிக் காணொளிக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். அதனால் கடைக்காரர் தன் பிரச்சினையை வாய்திறந்து சொன்ன பிறகே அதில் இறங்குங்கள். அதுவரை அவர் கேட்டால் ஒரு பொருத்தமான காணொளியை மட்டும் கொடுங்கள்.