நனைந்த போனும் சார்ஜிங் போர்ட்டும்: ரங்கூனில் சில வருஷ அனுபவம்

என் போன் ஐபி68 தரம் உள்ளது. ரங்கூன் மழையையும், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திங்யானின் தண்ணீரையும் பல தடவை வாங்கியிருக்கிறது, இன்னும் கேபிள் செருகினால் 'டக்' என்று இறுகப் பிடித்து முழு வேகத்தில் சார்ஜ் ஏறுகிறது. இதே வீட்டில் அக்கா மகனுடைய போன் ஒரே ஒரு திங்யானில் நனைந்து, இரண்டு வாரத்துக்குள் ரிப்பேர் கடைக்குப் போனது. அவனுடையது தண்ணீர் தரம் எதுவும் இல்லாத போன் என்பதால் எல்லாரும் பழியை அதன் மேல் போட்டார்கள். ஆனால் கடைக்காரர் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு சொட்டு ஈரம் போன அடையாளம் இல்லை. கெட்டது சார்ஜிங் போர்ட் மட்டும்தான். அது என் போனிலும் அதே மாதிரி கெட்டிருக்கும், நனைந்த கையோடு கேபிளைச் செருகியிருந்தால்.

ஐபி68 என்றால் தண்ணீர் போனின் உடம்புக்குள் போகாது என்று பொருள், அதுவும் ஆய்வுக்கூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில், புதுப் போனில் சோதித்தபடி. சார்ஜிங் போர்ட் அந்த உடம்புக்கு வெளியே இருக்கிற திறந்த வாய். உள்பக்கம் அடைத்திருப்பார்கள், ஆனால் வாய்க்குள் தண்ணீர் தாராளமாகப் போய் நிற்கும். கடையில் வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. வாட்டர்ப்ரூஃப் போன்தானே என்று நினைத்துச் செருகுகிறவர்கள்தான் அதிகம்.

யுஎஸ்பி-சி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு, அதன் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு 12 பின்கள், ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை அரை மில்லிமீட்டர். கேபிள் செருகாதபோது இதில் கிட்டத்தட்ட மின்சாரமே இல்லை, அதனால் வெறும் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றால் பெரிய சேதம் வராது. செருகிய நொடியில் நிலைமை மாறுகிறது. சில பின்களில் 5 வோல்ட் வந்துவிடும், வேக சார்ஜரானால் 9 வோல்டும் அதற்கு மேலும் போகும். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க 1.23 வோல்டே போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த வேலை இங்கே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நடக்கிறது. பாசிட்டிவ் பின்னின் உலோகம் கரைந்து, பச்சையாகவோ கறுப்பாகவோ பொருக்குத் தட்டி, பக்கத்துப் பின் வரைக்கும் படரும். மேலே இருக்கிற தங்கப் பூச்சு ரொம்ப மெல்லியது, அது ஒரு இடத்தில் அரித்துவிட்டால் பிறகு தண்ணீர் காய்ந்த பின்னாலும் அரிப்பு நிற்காது.

கேபிளிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு முனையும் சி வகையாக உள்ள கேபிளை சி சார்ஜரில் போட்டால், எதிரே போன் இருக்கிறது என்று அடையாளம் கண்ட பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தை விடும். நம் வீடுகளில் அதிகம் புழங்குகிற, ஒரு முனை பழைய நீள்சதுர யுஎஸ்பியாக இருக்கிற கேபிளில் அந்தக் காவல் கிடையாது, பிளக் போட்டதுமே நுனியில் 5 வோல்ட் தயாராக நிற்கும். பவர் பேங்கின் நீள்சதுரத் துளையில் செருகினாலும் இதே கதைதான். பவர் பேங்கில் கரண்ட் கம்மி, ஒன்றும் ஆகாது என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள். அரிப்புக்குச் சின்ன 5 வோல்டே தாராளம்.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். சித்திரைப் பிறப்பும் திங்யானும் ஒட்டியே வருவதால் அந்த நாட்களில் பையன்கள் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே தெருவுக்கு இறங்கிவிடுவார்கள். கழுத்தில் தொங்குகிற பிளாஸ்டிக் பையில்தான் போனைப் போட்டிருந்தான், பையின் வாய் சரியாக மூடவில்லை. சாயங்காலம் வந்தபோது பையின் அடியில் தண்ணீர் தேங்கி, போனின் அடிப்பக்கம் அதில் ஊறிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் கரண்ட் வருகிற நேரம் அது. முறை வைத்துக் கரண்ட் கிடைக்கிற ஊரில், வந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றாவிட்டால் அப்புறம் இல்லை என்ற பதற்றம் எல்லாருக்கும் உண்டு. "லைன் மறுபடி போயிடும் மாமா" என்று சொல்லிக்கொண்டே சட்டையில் துடைத்துச் செருகிவிட்டான். ஏறியது. மறுநாளும் ஏறியது. அதனால் ஈரத்தோடு செருகக் கூடாது என்று நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒரு வாரம் கழித்து சார்ஜ் மெதுவாக ஏற ஆரம்பித்தது. பிறகு கேபிளை ஒரு பக்கமாகச் செருகினால் ஏறும், திருப்பிச் செருகினால் ஏறாது. இந்த அறிகுறியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சி கேபிளை எப்படிச் செருகினாலும் வேலை செய்யக் காரணம், இணைப்பை அடையாளம் காண்கிற பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருப்பது. அவை மின்சாரப் பின்னுக்கு அடுத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன, ஆகவே அரிப்பு முதலில் தொடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு பக்கம் போனால் ஒரு பக்கம் மட்டும் ஏறும். கடைக்காரர் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார், சரியாக அங்கேதான் பச்சைப் பொருக்கு. அவனுடைய மாடலில் போர்ட் ஒரு தனிச் சின்ன சர்க்யூட்டில் இருந்ததால் அதை மட்டும் மாற்றி முடித்தார்கள். சில மாடல்களில் அது முதன்மை சர்க்யூட்டிலேயே பற்றவைத்திருக்கும், அப்போது செலவு வேறு மாதிரி.

இனி நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். நனைந்து வீட்டுக்கு வந்ததும் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுவேன். நாலைந்து சொட்டு விழும். உதறுவதில்லை, ஊதுவதில்லை, இரண்டும் தண்ணீரை உள்ளே தள்ளும். பஞ்சு, டிஷ்யூ, பல்குச்சி எதையும் உள்ளே விடுவதில்லை, நார் மாட்டிக்கொண்டால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் போர்ட் காற்றுக்கு எதிரே இருக்கும்படி மேசை ஓரத்தில் சாய்த்து, சார்ஜ் ஃபேனைப் போட்டுவிடுவேன். கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே, அதுவே போதும். முடி உலர்த்துகிற மெஷின் வேண்டாம், சூடு உள்ளே இருக்கிற ரப்பர் அடைப்பையும் பசையையும் இளக்கிவிடும்.

அரிசி டப்பா பற்றிக் கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். திறந்த காற்று செய்கிற வேலையை அரிசி செய்வதில்லை, மேலும் அதன் மாவும் குறுநொய்யும் போர்ட்டுக்குள் போய் ஈரத்தோடு கூழாகும். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. அதே குறிப்பில் குறைந்தது 30 நிமிடம் காயவிட்டு முயலச் சொல்கிறார்கள், முழுக்கக் காய 24 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் ஏப்ரல் வெயிலில் ஃபேன் முன்னால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில், துவைத்த துணியே இரண்டு நாள் காயாத காலத்தில், இரவு முழுக்க விட்டுவிடுவேன், அவசரப்படுத்தி லாபமில்லை.

திங்யானில் இன்னொன்று, அந்தத் தண்ணீர் சுத்தமானது கிடையாது. தொட்டித் தண்ணீர், பம்ப் தண்ணீர், நடுவில் யாராவது கலக்கிய சாயம் எல்லாம் சேர்ந்திருக்கும். அழுக்கும் உப்பும் உள்ள தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தும், காய்ந்த பிறகு படிவத்தையும் விட்டுப்போகும். கடல் தண்ணீர் இன்னும் மோசம். என் போன் தரம் உள்ளது என்பதால், அதன் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவிவிட்டுத்தான் காயவைக்கிறேன். தரம் இல்லாத போனில் இதைச் செய்யாதீர்கள். அதை உடனே ஆஃப் செய்து, சிம் தட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே பாருங்கள். பல மாடல்களில் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சின்ன ஒட்டு இருக்கும், தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். சிவந்திருந்தாலோ, கேமரா கண்ணாடிக்குள் பனி படிந்திருந்தாலோ, காயும் வரை காத்திருப்பது பயன்படாது, ஆன் செய்யாமல் கடைக்கு எடுத்துப்போங்கள்.

இப்போதைய பல போன்கள் ஈரத்தைத் தாங்களே கண்டுபிடிக்கின்றன. பின்களுக்கு நடுவே மின்தடை குறைந்தால் சார்ஜை நிறுத்திவிட்டு, சாம்சங்கில் நீர்த்துளிப் படத்தையும் ஐபோனில் எச்சரிக்கை வாசகத்தையும் காட்டும். ஐபோனில் Emergency Override என்று ஒரு வழியும் தருகிறார்கள். உயிர் போகிற அவசரத்துக்குத்தான் அது, கரண்ட் போய்விடும் என்பதற்கு இல்லை. மலிவான போன்கள் பலவற்றில் இந்தக் கண்டுபிடிப்பே கிடையாது, எச்சரிக்கை வரவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அக்கா மகன் போனிலும் எதுவும் வரவில்லை.

கரண்ட் நேரத்தைத் தவறவிடக் கூடாது என்றால் வயர்லெஸ் சார்ஜர்தான் வழி. போனின் முதுகையும் சார்ஜரின் தட்டையும் நன்றாகத் துடைத்துவிட்டு வைக்கலாம், போர்ட் அது பாட்டுக்குக் காயும். மெதுவாகத்தான் ஏறும், சூடும் ஆகும், என் போன் முழுதாக ஏற ஒரு கரண்ட் முறை போதாது. இருந்தாலும் பாதியாவது ஏறிவிடுகிறது. நான் வாங்கிய துணைப் பொருட்களில் காசுக்குப் பலன் தந்தது இதுதான். போர்ட்டை மூடுகிற ரப்பர் அடைப்பான் வாங்கி ஏமாறாதீர்கள், ஓரமாகத் தண்ணீர் கசிந்தால் அது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டுவிடும்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்றால், போனைச் சந்தேகப்படுவதற்கு முன் கேபிளின் நுனியைப் பாருங்கள். பையில் கிடந்து அதுவும் நனைந்திருக்கும். ஒரு பின் மட்டும் கறுத்திருந்தால் அந்தக் கேபிளைக் குப்பையில் போடுங்கள், வீட்டில் வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், அந்தப் படிவம் அடுத்த போனின் போர்ட்டிலும் ஒட்டும். காய்ந்த வேறு கேபிளிலும் எச்சரிக்கை வந்தால் போர்ட்டுக்குள் சட்டைப்பை நூலும் தூசியும் அடைந்து ஈரத்தைப் பிடித்திருக்கலாம். அதை எடுக்க ஊசி எடுக்காதீர்கள், கடையில் ஸ்பிரிட் விட்டு மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து தருவார்கள், சில நிமிட வேலை.